எட்டு வந்தா எட்டு ஏத்து!

உங்க வீட்டுல யாருக்காவது இந்த வருஷம் இன்க்ரிமென்ட் வந்ததா பாஸ்? வந்திருந்தா, அன்னிக்கு ராத்திரி வீட்டுல என்ன நடந்தது? ஸ்வீட், புரோட்டா பார்சல், புது செல்போன் பத்தின பேச்சு... இதானே? எங்க வீட்டுல சண்டை நடந்தது. அதுவும் வெறும் 400 ரூபாய்க்கு!

அக்கா சென்னையில ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறா. கைக்கு வர்ற சம்பளம் 32,000. அதுல மாசம் 5,000 ரூபாயை ஒரு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாகக் கட்டிட்டு இருந்தா. இந்த வருஷம் ஹைக் லெட்டர் வந்தது. லெட்டர்ல 9 சதவிகிதம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. ஆனா பி.எஃப்., வரி எல்லாம் போக அக்கவுன்ட்ல விழுந்தது 34,560. அதாவது 8 சதவிகிதம்தான் கூடியிருந்தது. (இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க. கணக்குப் போடும்போது லெட்டர்ல இருக்கிற சதவிகிதத்தை எடுக்காதீங்க. கைக்கு வந்ததைத்தான் எடுக்கணும்.)

லீவுக்கு சிவகாசி வந்தவகிட்ட அப்பா மெதுவா கேட்டார். "பாப்பா, சம்பளம் கூடிருச்சே, சேமிப்பையும் கூட்டுவியா?"

"அதான் மாசாமாசம் கட்டறேனேப்பா! 5,000 போதும். 20 வருஷம் விடாம கட்டினா பெரிய தொகை வரும்."

அப்பா ஒண்ணும் சொல்லலை. சட்டையை மாட்டிக்கிட்டு பிரஸ்ஸுக்குக் கிளம்பிட்டார். ஆனா அந்த மௌனத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

அப்பா ஆஃப்செட் பிரஸ்ல வேலை பார்க்கிறவர். 2004-ல அக்காவுக்கு மூணு வயசு. அப்போ அவர் சம்பளம் 3,000 ரூபாய். அதுல 500 ரூபாயை எடுத்து அக்கா படிப்புக்குன்னு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் போட ஆரம்பிச்சார். சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு! அந்த ஆர்.டி. அஞ்சு வருஷம். முடிஞ்சதும் வந்த பணத்தை டெபாசிட் பண்ணிட்டு, அடுத்த ஆர்.டி. மறுபடியும் 500. அது முடிஞ்சதும் இன்னொண்ணு. அதுவும் 500. 2019-ல அக்கா இன்ஜினீயரிங் சேர்ந்தப்போ அவர் சம்பளம் 12,500. ஆர்.டி. மட்டும் அதே 500. இப்ப அது இருபத்தஞ்சுல ஒரு பங்கு. பதினஞ்சு வருஷத்துல ஒரு மாசம்கூட விடாத மனுஷன்! ஆனாலும் சேர்ந்த பணம் ரெண்டு வருஷ ஃபீஸுக்குத்தான் வந்தது. மீதி ரெண்டு வருஷத்துக்கு அம்மாவோட செயின் அடகுக் கடைக்குப் போச்சு.

அதனாலதான் '5,000 போதும்'னு அக்கா சொன்னது எனக்கு சுருக்குனு இருந்தது. "இருக்கா, ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன்"னு கம்ப்யூட்டர்ல எக்ஸெல்லைத் திறந்தேன். தேர்டு இயர் படிக்கிற பந்தா வேற!

கணக்கு இதுதான். இந்த வருஷம் மாசம் 5,000. ஒவ்வொரு வருஷமும் சம்பளம் எவ்வளவு சதவிகிதம் கூடுதோ, அதே சதவிகிதம் இந்தத் தொகையையும் ஏத்தணும். அதாவது 8. சேமிப்புக்குக் கிடைக்கிற வருமானத்தையும் வருஷத்துக்கு 8 சதவிகிதம்னு வெச்சுக்கிட்டேன். (மியூச்சுவல் ஃபண்டில் யாரும் 20 வருஷத்துக்கு 8 தர்றேன்னு உறுதி தர மாட்டாங்க. ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் மைனஸ்லகூடப் போகும். இது கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண்.) ஃபார்முலா ரொம்பச் சின்னது:

```
S = A × [(1+r)^n − (1+g)^n] / (r − g)
```

A-ன்னா முதல் வருஷம் கட்டின பணம் அந்த வருஷக் கடைசியில நிற்கிற தொகை. r வருமானம், g நாம ஏத்தற சதவிகிதம், n வருஷங்கள். எல்லாத்தையும் டைப் பண்ணி, ஸ்டைலா என்டர் தட்டினேன். வந்த பதில்:

```
#DIV/0!
```

"என்னடா தம்பி, கோடி வரும்னு பார்த்தா கோடு போட்ட எரர் வருது?"ன்னு அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே... மானம் போச்சு! யோசிச்சா காரணம் ஈஸி. r-ம் 8, g-யும் 8. மேலேயும் சைபர், கீழேயும் சைபர். எம்-1 பேப்பர்ல லோப்பிட்டல் ரூல்னு ஒண்ணு படிச்சோமே, அதைப் போட்டா ஃபார்முலா இப்படி மாறிடும்: S = A × n × (1+r)^(n−1). ஆனா அக்காவுக்கு லோப்பிட்டல் எல்லாம் வேண்டாமாம். "புரியற மாதிரி சொல்லு"ன்னா. அப்பதான் உண்டியல் கணக்கு பிறந்தது. உண்மையில, அந்த எரர்தான் எனக்கு எல்லாத்தையும் புரியவெச்சது.

இருபது வருஷத்துக்கு இருபது உண்டியல்னு நினைச்சுக்கங்க. ஒவ்வொரு வருஷம் கட்டற பணமும் அந்தந்த வருஷ உண்டியல்ல போகுது. முதல் வருஷம் மாசம் 5,000 வீதம் மொத்தம் 60,000. முதல் மாசம் கட்டினது 12 மாசம் வளரும், ரெண்டாவது 11 மாசம், கடைசி மாசம் கட்டினது ஒரே ஒரு மாசம். கூட்டினா 78 மாசம். 5,000 ரூபாய்க்கு 8 சதவிகிதத்துல 78 மாச வட்டி 2,600. ஆக, வருஷக் கடைசியில முதல் உண்டியல்ல 62,600. அதுக்கப்புறம் அது 19 வருஷம் 8 சதவிகிதத்துல வளருது. 1.08-ஐ 19 தடவை பெருக்கினா ஏறக்குறைய 4.3157. அதனால முதல் உண்டியல் கடைசியில 2,70,163 ரூபாய் ஆகுது.

இப்ப ரெண்டாவது உண்டியல். அதுல 8 சதவிகிதம் அதிகமா போடறோம். ஆனா அது ஒரு வருஷம் குறைவா வளருது, அதாவது ஒரு 8 சதவிகிதம் குறைவா. ஏத்தினதும் குறைஞ்சதும் டேலி ஆயிடுச்சு! அதுவும் 2,70,163. மூணாவதும் அதே. கடைசி இருபதாவது உண்டியல் வளர்றதுக்கு வருஷமே இல்லை. ஆனா அந்த வருஷம் மாசம் 21,578 ரூபாய் கட்டியிருப்போம். அதுவும் 2,70,163!

அதாவது, வருமானமும் ஏத்தமும் ஒரே சதவிகிதமா இருந்தா, ஒவ்வொரு வருஷ உண்டியலும் கடைசியில ஒரே அளவு. 20-ஆல பெருக்கினா மொத்தம் 54,03,258 ரூபாய். ஃபார்முலாவும் வேண்டாம், எக்ஸெல்லும் வேண்டாம்.

ஏத்தாம 5,000-லயே நின்னா? அதே 20 வருஷத்துல 28,64,699.

"ஆஹா, டபுள்!"னு அக்கா குதிச்சா. இங்கதான் கொஞ்சம் நிதானம் வேணும் பாஸ். விளம்பரத்துல எல்லாம் இந்த 'டபுள்' வரைக்கும்தான் சொல்லுவாங்க. ஏத்தாம கட்டினா நம்ம கையில இருந்து போறது 12 லட்சம். ஏத்திக் கட்டினா போறது 27,45,718. மொத்தத்துல கூடுதலா வந்த தொகை சுமார் 25 லட்சத்து 39 ஆயிரம். அதுல 15 லட்சத்து 46 ஆயிரம் நாம கூடுதலாப் போட்ட நம்ம சொந்தக் காசு. வளர்ச்சியால வந்தது 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. சொல்லப்போனா, போட்ட ஒவ்வொரு ரூபாயும் எத்தனை ரூபாய் ஆச்சுன்னு பார்த்தா, ஏத்தாத கணக்குல 2.39, ஏத்தின கணக்குல 1.97. ஏத்தின பணத்துல பெரும்பகுதி பின்னாடி வருஷங்கள்ல போறதால அதுக்கு வளர டைம் இல்லை. மேஜிக் எதுவும் இல்லை. நிறைய போட்டோம், நிறைய வந்தது.

"அப்படின்னா நான் எதுக்கு ஏத்தணும்? 21,578 ரூபாய் மாசாமாசம் யாருடா கட்டுவா?"

நியாயமான கேள்வி. நானும் முதல்ல இதுலதான் மடங்கினேன். அப்புறம் அதே வருஷத்துல அவ சம்பளம் என்னவா இருக்கும்னு போட்டுக் காட்டினேன். வருஷத்துக்கு 8 சதவிகிதம் ஏறினா 1,38,102. இன்னிக்கு 32,000-ல 5,000 கொடுக்கிறது எவ்வளவு கஷ்டமோ, அன்னிக்கு 1,38,102-ல 21,578 கொடுக்கிறதும் அவ்வளவேதான். ரெண்டும் சம்பளத்துல 15.6 சதவிகிதம். மாறாக, 5,000-லயே நின்னா இருபதாவது வருஷம் அது சம்பளத்துல இருபத்தெட்டுல ஒரு பங்குகூட... கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்பாவோட 500 இருபத்தஞ்சுல ஒரு பங்கா கரைஞ்சுபோன அதே கதை.

விலைவாசியையும் சேர்த்துப் பாருங்க. வருஷத்துக்கு 5 சதவிகிதம் விலை ஏறுதுன்னு வெச்சுக்கிட்டா, இருபதாவது வருஷம் கட்டற 5,000-த்தோட மதிப்பு இன்னிக்கு 1,979 ரூபாய்தான். 'அதே தொகையைக் கட்டறேன்'னு சொல்றவர் உண்மையில வருஷா வருஷம் குறைச்சுக் கட்டறார். அது அவருக்கே தெரியாது. அதே கணக்குல அந்த 54 லட்சத்துக்கு இன்னிய மதிப்பு சுமார் 20 லட்சத்து 36 ஆயிரம். 28 லட்சத்து 65 ஆயிரத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். 54 லட்சம்னு கேட்டு கனவுல பங்களா கட்டினவங்க இப்ப இறங்கி வாங்க!

இந்த வருஷம் அக்கா ஏத்த வேண்டியது எவ்வளவு தெரியுமா? 5,000-ல 8 சதவிகிதம், 400 ரூபாய். சம்பளத்துல கூடினது 2,560. மீதி 2,160-ஐ அவ இஷ்டத்துக்கு செலவு பண்ணலாம். சண்டை 400-க்குன்னு சொன்னேனே, இதான் அது.

ஒருவழியா அக்கா சரின்னு சொல்லி, செல்போன் ஆப்ல 'ஸ்டெப்-அப்' பகுதியைத் திறந்தா. அங்க ஒரு பொறி! வருஷா வருஷம் ஏத்தறதை ரூபாயில் சொல்றியா, சதவிகிதத்துல சொல்றியான்னு கேட்டது. "ரெண்டும் ஒண்ணுதானே, 400-ன்னு போட்டுடறேன்"னா. ஒண்ணு இல்லை மக்களே! 400 ரூபாய்னு போட்டா, ஒவ்வொரு வருஷமும் அதே 400 தான் கூடும். இருபதாவது வருஷம் மாசத் தவணை 12,600-ல நிற்கும். 8 சதவிகிதம்னு போட்டா முந்தின வருஷத் தொகை மேல 8 சதவிகிதம் கூடும். முதல் வருஷம் 400, அடுத்தது 432, அப்புறம் 467... இப்படி. 400 ரூபாய் வழியில கடைசியில கிடைக்கிறது 44,77,398. வித்தியாசம் 9 லட்சத்துக்கு மேல! முதல் வருஷம் ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். ரெண்டாவது ஏத்தத்துல பாருங்க: 5,800-ன்னு வந்தா ரூபாய் வழி, 5,832-ன்னு வந்தா சதவிகித வழி. சில இடங்கள்ல சதவிகிதமே கேட்க மாட்டாங்க, ரூபாய் மட்டும்தான். அப்படின்னா வருஷா வருஷம் நீங்களே போய் மாத்தணும்.

ஆர்.டி.யில் கட்டறவங்களுக்கு இது இன்னும் கஷ்டம். தவணை ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். ஏத்தணும்னா அந்தக் கூடுதல் தொகைக்குத் தனியா இன்னொரு ஆர்.டி. திறக்கணும். பி.பி.எஃப்.ல வேணும்கிற மாதிரி கூட்டிப் போடலாம், ஆனா வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்தான் உச்சவரம்பு, அதாவது மாசம் 12,500. 5,000-ல ஆரம்பிச்சு 8 சதவிகிதம் ஏத்திட்டே போனா பதிமூணாவது வருஷம் 12,591 ஆகி அந்தக் கூரையில இடிக்கும். அதுக்கு மேல உள்ளதை வேற இடத்துலதான் போடணும்.

கடைசியா அக்கா கேட்ட கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. "ஒரு வருஷம் ஹைக்கே வரலைன்னா? வேலை மாறினா? நம்ம வீட்டுல ஏதாவது செலவு வந்தா?"

உண்டியல் கணக்கு இதுக்கும் பதில் சொல்லும். அஞ்சாவது வருஷம் ஏத்த முடியலைன்னு வெச்சுக்குவோம். 6,802 கட்ட வேண்டிய இடத்துல பழைய 6,299-ஐயே கட்டறோம். மாசம் 504 ரூபாய் குறையுது. அந்த ஒரு உண்டியல்ல விழற நஷ்டம் 20,012 ரூபாய். அவ்வளவுதான். ஆனா அடுத்த வருஷம் 'வழக்கம்போல 8'னு அந்தக் குறைஞ்ச தொகையில இருந்து ஏத்தினா, அதுக்கப்புறம் வர்ற எல்லா உண்டியலும் அதே 20,012 குறையும். அஞ்சுல இருந்து இருபது வரை 16 உண்டியல். மொத்த நஷ்டம் 3,20,193! அதுவே பதினெட்டாவது வருஷம் தவறவிட்டா மூணு உண்டியல்தான், 60,036.

அதனால ஒரு வருஷம் விட்டது குத்தமில்லை. விட்டதை அடுத்த வருஷம் பிடிக்காம போறதுதான் குத்தம். ஆறாவது வருஷம் 8-க்குப் பதிலா ரெண்டு ஏத்தத்தையும் சேர்த்து 16.64 சதவிகிதம் ஏத்தி 7,347-க்கு வந்துட்டா, நஷ்டம் அந்த 20,012-ஓட நின்னுடும். ஆப்பும் பேங்கும் இதை ஞாபகப்படுத்தாது. ஒரு பேப்பர்ல ஒவ்வொரு வருஷமும் கட்ட வேண்டிய தொகையை எழுதி பீரோ கதவுல ஒட்டினேன்: 5,000, 5,400, 5,832, 6,299, 6,802, 7,347... எந்த வருஷம் தவறினாலும், அந்த வரிசையில அந்த வருஷத்துக்கான எண்ணுக்குத் திரும்பிடணும். பத்தாவது வருஷ முடிவுல கையில 12,51,000 சொச்சம் இருக்கணும்னும் ஓரத்துல குறிச்சேன். பாதி வருஷம் போயும் 54-ல கால்வாசிகூட வரலையேன்னு அப்ப அவ பயந்துடக் கூடாது இல்லையா? ஏத்திக் கட்டற கணக்கு அப்படித்தான் போகும். முக்கால்வாசிக்கு மேல ரெண்டாவது பாதியிலதான் வரும்.

ராத்திரி அப்பா பிரஸ்ல இருந்து வந்தார். பீரோ கதவுல இருந்த பேப்பரைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் படிச்சார். அப்புறம் என்கிட்ட கேட்டார், "ஏம்ப்பா, என் 500-க்கு இப்படிப் போட்டிருந்தா என்ன வந்திருக்கும்?"

சொல்லலாமா வேணாமான்னு இருந்தது. போட்டேன். அதே 8, அதே உண்டியல், 15 வருஷம். ஏத்தாத 500 ரூபாய்க்கு 1,69,972. ஏத்தியிருந்தா 2,75,802. கடைசி வருஷம் கட்ட வேண்டியிருந்தது மாசம் 1,469 ரூபாய்தான். 12,500 சம்பளத்துல முடியாத தொகை இல்லை.

அப்பா எண்ணை ஒரு தடவை பார்த்தார். "செயின் தப்பிச்சிருக்கும்"னு மட்டும் சொல்லிட்டு, கை கழுவப் போனார். அக்கா ஒண்ணும் பேசலை. போனை எடுத்து, ரூபாய் கட்டத்தை விட்டுட்டு சதவிகிதக் கட்டத்துல 8-ன்னு போட்டு, என்கிட்ட நீட்டினா. "சரியா இருக்கான்னு பாருடா."

சரியா இருந்தது. ரெண்டாவது ஏத்தம் 5,832-ன்னு வருதான்னு பார்க்கத்தான் இன்னும் காத்திருக்கோம்!